தேங்குழலுக்கு மூன்று விதமாக எழுத வேண்டும்

தீபாவளிக்கு நாலு நாள் முன்பு ஒருவர் தன் வலைப்பதிவில் தேங்குழல் செய்முறையை ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃபேஸ்புக்கில் பகிர்ந்தால் அன்றைக்குக் கூட்டம் வரும், மறுநாள் ஆள் இருக்காது. அதே பதிவுக்கு ஒரு நெட்டைப் படம் செய்து பின்டரெஸ்டில் போட்டுவைத்தால், அடுத்த கோகுலாஷ்டமிக்கும் அதன் வழியே ஆட்கள் வரலாம். 2010இல் தொடங்கிய அந்தத் தளம் பார்க்கப் படச்சுவர் போல இருந்தாலும், செய்யும் வேலை தேடுபொறியின் வேலை. அங்கே மாட்டும் ஒவ்வொரு படத்துக்கும் ‘பின்’ என்று பெயர்.

படம் நெட்டையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கைப்பேசியில் பின்கள் இரண்டு வரிசையாக நிற்கும். அகலம் எல்லாப் படத்துக்கும் ஒன்றுதான். உயரத்தில்தான் இடம் பிடிக்க முடியும். தளம் பரிந்துரைக்கும் அளவு 1000க்கு 1500 பிக்சல். அதைவிட நீட்டினால் அடிப்பக்கம் வெட்டுப்படலாம்.

இனி எழுத்து. பலரும் ஒரே வாசகத்தைப் படத்தின் மேலும் விவரிப்பிலும் மாற்று உரையிலும் ஒட்டிவிடுகிறார்கள். மூன்றையும் படிப்பவர்கள் வேறு வேறு ஆட்கள்.

படத்தின் மேல் இருக்கும் எழுத்து, கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போகிறவருக்கு. ‘தேங்குழல் முறுக்கு’ என்று பெரிதாக, அதன் கீழே ‘எண்ணெய் குடிக்காது’ என்று சிறிதாக எழுதினால் போதும். தமிழில் ஒரு சங்கடம் உண்டு: சொற்கள் நீளம், புள்ளிகள் சிறிசு. மெல்லிய எழுத்துருவில் அமைத்த ‘முறுக்கு’, அரைத் திரை அகலத்துக்குச் சுருங்கும்போது புள்ளியை இழந்துவிடும். ஆகவே தடித்த எழுத்துருவைத் தேர்ந்து, படத்தை இரண்டு விரல் அகலத்துக்குச் சுருக்கிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும்.

விவரிப்பு, தேடுகிறவருக்கு. தாராளமாக எழுதலாம். முதல் வாக்கியத்திலேயே பண்டத்தின் பெயர் வந்துவிட வேண்டும். டொராண்டோவில் இருப்பவர் ‘thenkuzhal’ என்று ஆங்கில எழுத்தில்தான் தட்டக்கூடும் என்பதால் அந்தச் சொல்லும் ஒருமுறை வரட்டும். எந்தச் சொல் புழக்கத்தில் இருக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. தேடல் பெட்டியில் பாதிச் சொல் தட்டினால் மீதியைத் தளமே எடுத்துக் கொடுக்கும். ‘என் குட்டிச் சமையலறையிலிருந்து அன்புடன்’ என்று தொடங்கும் விவரிப்புகள் படிக்க இனிமைதான். ஆனால் அதை யாரும் தேடுவதில்லை.

மாற்று உரை, படத்தைப் பார்க்க முடியாதவருக்கு. திரைவாசிப்பான் அதைக் குரலில் சொல்லும். அங்கே தேடல் சொற்களை அடுக்கினால், பார்வையற்ற வாசகர் ‘முறுக்கு ரெசிபி, தீபாவளி ரெசிபி, ஈஸி ரெசிபி’ என்று கேட்டு அவதிப்படுவார். வலைப்பதிவுப் பக்கத்தில் இரண்டையும் பிரித்து எழுத வழி இருக்கிறது. வாசகர் அந்தப் பக்கத்திலிருந்து படத்தைச் சேமிக்கும்போது, பின்டரெஸ்ட் எடுத்துக்கொள்ள வேண்டிய விவரிப்புக்குத் தனிப் பண்பு உண்டு:

```html
<img src="thenkuzhal.jpg"
 alt="வாழை இலையில் மூன்று வெள்ளைத் தேங்குழல்கள்"
 data-pin-description="மொறுமொறு தேங்குழல் (thenkuzhal):
 அரிசி மாவு 4 கப், உளுந்து மாவு 1 கப்.
 வெண்ணெய் அளவும் எண்ணெய்ச் சூடும் பதிவில்.">
```

இதில் மாவு விகிதம் வெளியே இருக்கிறது, வெண்ணெய் அளவு பதிவுக்குள் இருக்கிறது. இது வேண்டுமென்றே செய்தது. முழுச் செய்முறையையும் படத்திலேயே எழுதிவிட்டால் ஆட்கள் சேமித்துக்கொண்டு போய்விடுவார்கள், பதிவுக்கு வரமாட்டார்கள். அதற்காக எதையுமே சொல்லாமல் ‘ரகசியம் உள்ளே’ என்று எழுதுவது சந்தைக்கடை வித்தை. வந்தவர் ஏமாந்து உடனே திரும்பிவிடுவார்.

எங்கே கோளாறு என்று தளம் தரும் கணக்கிலேயே தெரியும். பின் யார் கண்ணிலும் படவில்லை என்றால் பெரும்பாலும் விவரிப்புச் சொற்களைச் சந்தேகிக்க வேண்டும். கண்ணில் படுகிறது, யாரும் தொடவில்லை என்றால் படமோ அதன் மேல் உள்ள எழுத்தோ சரியில்லை. சேமிப்பு நிறைய, பதிவுக்கு வருகிறவர் குறைவு என்றால் படமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. நாலு நாளில் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. புதிய பின் தேடலில் ஏறச் சில வாரங்கள் பிடிக்கலாம். அதனால்தான் தீபாவளிப் பலகாரத்துக்குச் செப்டம்பர் தொடக்கத்திலேயே பின் போட வேண்டியிருக்கிறது.

ஏற்றும் முன் எழுத்துப் பிழையை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். தலைப்பையும் விவரிப்பையும் பிறகு திருத்திக்கொள்ளலாம். படத்தை மாற்ற முடியாது, புதிய பின்தான் போட வேண்டும்.