வாடகை ஏறினால் யார் கட்டுவது?

கலிபோர்னியாவில் சான் ஹோசேயைச் சுற்றியுள்ள ஊர்களில் சின்னதாக ஓர் அலுவலகம் தேடுகிறவரை முதலில் குழப்புவது வாடகைக் கணக்குதான். ஒரு கட்டிடத்தில் சதுர அடிக்கு மாதம் 3 டாலர் கேட்பார்கள். எதிர்ச்சாரியில் 2.60. அடுத்த தெருவில் 1.95. மூன்றுமே ஏறக்குறைய ஒரே வயது, ஒரே தரம் உள்ள கட்டிடங்களாக இருக்கும். 1.95 என்று கேட்டதும் மனம் அங்கேதான் ஓடும். ஆனால் அந்த வாடகைக்குள் எதெல்லாம் அடங்கியிருக்கிறது என்று தெரியாமல் மூன்றையும் ஒப்பிட முடியாது.

சென்னையில் அலுவலகம் எடுப்பவருக்கு வாடகை தனி, சதுர அடிக்கு இத்தனை ரூபாய் மெயின்டனன்ஸ் தனி, கரண்ட் பில் தனி என்பது பழக்கம். சொத்து வரி பெரும்பாலும் உரிமையாளர் பாடு. அமெரிக்காவில் அந்தச் சொத்து வரியும், கட்டிடத்துக்கான இன்சூரன்சும்கூட வாடகைதாரர் தலையில் வந்து விழலாம். விழுமா, விழாதா என்பதற்கு அடையாளமாகத்தான் லீஸுக்கு மூன்று பெயர்கள் வைத்திருக்கிறார்கள்.

3 டாலர் கேட்டவர் தருவது 'ஃபுல் சர்வீஸ் கிராஸ்'. வரி, இன்சூரன்ஸ், பராமரிப்பு, மின்சாரம், மாலையில் வந்து குப்பை எடுத்துத் துடைப்பது வரை எல்லாம் அந்த வாடகைக்குள் அடக்கம். 1.95 கேட்டவர் தருவது 'ட்ரிபிள் நெட்'. அடிவாடகை மட்டும்தான் அது. கட்டிடத்தின் வரி, இன்சூரன்ஸ், பொதுவிடப் பராமரிப்பு ஆகிய மூன்றிலும் உங்கள் பங்கை மேலே வைத்துக் கொடுக்க வேண்டும். 2.60 'மாடிஃபைடு கிராஸ்'. இந்தப் பெயருக்கு நிலையான பொருள் கிடையாது. உங்கள் அறையின் மின்சாரமும் துப்புரவும் உங்களுடையது, மற்றது உரிமையாளருடையது என்பது வழக்கம். ஆனால் கட்டிடத்துக்குக் கட்டிடம் அது மாறும், லீஸைப் படித்தால்தான் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்க்க, ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு வருமான வரி ஆலோசனை அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். அவர்களுக்குத் தேவை 1,500 சதுர அடி. மூன்று கட்டிடங்களும் 30,000 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் அவர்களின் பங்கு 5 சதவீதம். எண்கள் எல்லாம் எடுத்துக்காட்டுக்காகத்தான்.

ஃபுல் சர்வீஸில் மாதம் 4,500 டாலர், அதோடு முடிந்தது. மாடிஃபைடு கிராஸில் வாடகை 3,900; மின்சாரம், துப்புரவு இரண்டுக்கும் 450 சேர்த்தால் 4,350. ட்ரிபிள் நெட்டில் வாடகை 2,925. வரி, இன்சூரன்ஸ், பராமரிப்பு மூன்றுக்கும் சதுர அடிக்கு 75 சென்ட் ஆகும் என்று உரிமையாளர் மதிப்பீடு சொல்கிறார். அது 1,125. அறையின் மின்சாரம், துப்புரவுக்கு அதே 450. மொத்தம் 4,500. மலிவாகத் தெரிந்தது முதலிடத்தோடு சமமாக வந்து நின்றுவிட்டது. முதல் வருடக் கணக்கில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசமில்லை.

வித்தியாசம் இரண்டாம் வருடத்திலிருந்து தொடங்குகிறது. அதற்குக் கலிபோர்னியாவின் சொத்து வரியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

1978-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 'ப்ரொப்பொசிஷன் 13' அங்கே சொத்து வரிக்குக் கடிவாளம் போட்டது. அடிப்படை வரி மதிப்பில் 1 சதவீதம். உள்ளூர்க் கடன்பத்திர வரிகள் அதன் மேல் கொஞ்சம் ஏறும். வரிக்காகக் கணக்கிடும் மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் உயரக் கூடாது. ஆனால் சொத்து கைமாறினால் அந்த மதிப்பு ஒரே தாவலில் சந்தை விலைக்குப் போய்விடும். வணிகக் கட்டிடங்களுக்கு மட்டும் இந்தச் சலுகையை எடுத்துவிடலாம் என்று 2020-இல் வைத்த 'ப்ரொப்பொசிஷன் 15' வாக்கெடுப்பில் தோற்றது. ஆகவே இன்றும் பல காலத்துக்கு முன் வாங்கிய கட்டிடங்களின் வரி, சந்தை விலைக்குச் சம்பந்தமே இல்லாமல் தாழ்ந்து கிடக்கிறது.

நம் கட்டிடத்தின் வரி மதிப்பு 40 லட்சம் டாலர் என்று வையுங்கள். 1.2 சதவீதம் என்றால் வருட வரி 48,000. உரிமையாளர் அதை 90 லட்சத்துக்கு விற்கிறார். புது வரி 1,08,000. ஏற்றம் 60,000, அதில் 5 சதவீதம் 3,000. அலுவலகத்தில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை, ஆனால் வருடத்துக்கு 3,000 டாலர், அதாவது மாதம் 250, கூடிவிட்டது.

ட்ரிபிள் நெட் வாடகைதாரர் இதைக் கட்டுவார், அதில் ஆச்சரியம் இல்லை. ஃபுல் சர்வீஸ்காரரும் கட்டக்கூடும் என்பதுதான் பலருக்குத் தெரியாத சங்கதி. பல வருட கிராஸ் லீஸ்களில் பெரும்பாலும் 'பேஸ் இயர்' என்று ஒரு ஷரத்து இருக்கும். குறிப்பிட்ட ஒரு வருடத்தின் செலவை உரிமையாளர் தன் வாடகையிலிருந்து ஏற்பார். அதற்குப் பின் அந்த அளவைத் தாண்டி எவ்வளவு ஏறினாலும் அந்த ஏற்றத்தில் வாடகைதாரர் தன் பங்கைத் தர வேண்டும். பெயர் கிராஸ்தான், ஏற்றத்தைப் பொறுத்தவரை அது நெட். இறக்கத்தைப் பொறுத்தவரை நெட்டைவிட மோசம். செலவு குறைந்தால் ட்ரிபிள் நெட்காரருக்கு அது நேராகக் கிடைக்கும், பேஸ் இயர் லீஸில் மிச்சம் உரிமையாளர் பையிலேயே தங்கிவிடும். மாடிஃபைடு கிராஸிலும் இந்த ஷரத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அதனால் லீஸின் பெயரைவிட இந்த ஷரத்து எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதே என் கண்ணில் முக்கியம். அதில் சின்ன வாடகைதாரர் வழக்கமாக இரண்டு இடத்தில் ஏமாறுகிறார்.

ஒன்று, எந்த வருடம் பேஸ் என்பது. 2026 நவம்பரில் குடிபுகுந்துவிட்டு பேஸ் இயர் 2026 என்று கையெழுத்துப் போட்டால், இரண்டே மாதத்தில் 2027-இன் ஏற்றம் உங்கள் கணக்கில் ஓடத் தொடங்கிவிடும். 2027 என்று கேட்டு வாங்க வேண்டும். ஆண்டுக் கடைசியில் குடிபுகுகிறவருக்கு உரிமையாளர்கள் இதைப் பெரிதாக எதிர்ப்பதில்லை, கேட்காதவருக்குக் கொடுப்பதுமில்லை.

இன்னொன்று, அந்த வருடத்தில் கட்டிடம் எவ்வளவு நிரம்பியிருந்தது என்பது. கோவிட்டுக்குப் பின் பல அலுவலகக் கட்டிடங்கள் பாதி காலியாகக் கிடந்தன. பாதி காலியான கட்டிடத்தில் துப்புரவு, மின்சாரம் போன்ற செலவுகள் 60,000 டாலர் என்று வையுங்கள். அதுவே பேஸ் ஆகிவிட்டது. இரண்டு வருடம் கழித்து கட்டிடம் 95 சதவீதம் நிரம்புகிறது. அதே செலவுகள் 1,14,000 ஆகின்றன. விலைவாசி ஒரு காசு ஏறவில்லை, ஆள்தான் கூடியிருக்கிறார்கள். ஆனாலும் 54,000 டாலர் 'ஏற்றம்' என்று பதிவாகும், உங்கள் 5 சதவீதம் 2,700. இதைத் தடுப்பதற்குக் 'கிராஸ் அப்' என்ற ஏற்பாடு இருக்கிறது. கட்டிடம் 95 அல்லது 100 சதவீதம் நிரம்பியிருந்தால் எவ்வளவு ஆகியிருக்குமோ, ஆள் எண்ணிக்கையோடு கூடிக் குறையும் செலவுகளை அந்த அளவுக்கு உயர்த்திக் கணக்கிடுவது. பேஸ் இயருக்கும் பிந்திய வருடங்களுக்கும் ஒரே சதவீதம் வைக்க வேண்டும். பிந்திய வருடங்களை மட்டும் உயர்த்தி, பேஸ் இயரை அப்படியே விட்டுவைக்கும் லீஸ்களும் உண்டு. அப்படி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பங்கைக் கணக்கிடும்போது கட்டிடத்தின் முழுப் பரப்பால் வகுக்கிறார்களா, வாடகைக்குப் போன பரப்பால் மட்டுமா என்பதையும் அதே பக்கத்தில் பார்த்துவிடலாம். பாதி காலியான கட்டிடத்தில் இரண்டாவது முறை வந்தால் 5 சதவீதம் 10 ஆகிவிடும்.

விற்பனையால் வரும் வரித் தாவலுக்கு மருந்து, 'ப்ரொப்பொசிஷன் 13 பாதுகாப்பு' என்று கலிபோர்னியா புரோக்கர்கள் சொல்லும் ஒரு ஷரத்து. லீஸ் காலத்தில் கட்டிடம் கைமாறி வரி உயர்ந்தால், அந்த உயர்வை வாடகைதாரரிடம் வசூலிக்கக் கூடாது என்பது அதன் சாரம். உரிமையாளர்கள் சுலபமாகத் தரமாட்டார்கள், ஏனென்றால் வாங்க வருகிறவர் அந்த இழப்பை விலையில் கழிப்பார். லீஸ் காலம் முழுவதற்கும் கிடைக்காவிட்டால் முதல் இரண்டு மூன்று வருடத்துக்காவது கேட்கலாம், அல்லது ஒரே ஒரு விற்பனைக்கு மட்டும் என்று பேசலாம்.

இந்த ஷரத்துக்காக எவ்வளவு மல்லுக்கட்டலாம் என்பதைக் கட்டிடத்தின் வரி மதிப்பே சொல்லிவிடும். கவுண்டி அலுவலகத்தின் பதிவுகளில் அது பொதுவில் கிடைக்கும். நம் எடுத்துக்காட்டில் 40 லட்சத்தை 30,000-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 133 டாலர். அக்கம்பக்கத்தில் 300-க்கு விற்கிறது. உரிமையாளர் எப்போதோ வாங்கியவர், விற்றால் வரி இரண்டு மடங்குக்கு மேல் ஏறும் என்று இதிலிருந்தே தெரிகிறது. மதிப்பு 280, 290 என்று இருந்தால் கட்டிடம் சமீபத்தில்தான் கைமாறியிருக்கிறது. தாவல் ஏற்கெனவே நடந்து, உங்கள் வாடகையிலோ பேஸ் இயரிலோ சேர்ந்துவிட்டது. அப்போது இந்த ஷரத்தை விட்டுக்கொடுத்து வேறொன்றைக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். விற்பனை பேஸ் இயரின் நடுவில் நடந்திருந்தால் அந்த வருட வரி பாதிப் பழையது, பாதிப் புதியதாக இருக்கும். முழு வருடத்துக்கும் புது வரியையே பேஸாகக் கொள்ள வேண்டும் என்று எழுதி வாங்க வேண்டும்.

ட்ரிபிள் நெட்டைப் பூதம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. அதில் எதற்கு எவ்வளவு போகிறது என்பது வரிக்கு வரி தெரியும். ஆனால் 75 சென்ட் என்பது உரிமையாளரின் மதிப்பீடு மட்டுமே. வருட முடிவில் உண்மைச் செலவோடு ஒப்பிட்டுக் குறைவைக் கேட்பார்கள். எனவே கடந்த மூன்று வருட உண்மைச் செலவுக் கணக்கைக் கையெழுத்துக்கு முன்னாலேயே கேட்டு வாங்குங்கள். கூரை மாற்றுவது, குளிர்சாதன யந்திரம் புதிதாக வைப்பது போன்ற பெரிய செலவுகள் பராமரிப்பில் சேருமா, சேர்ந்தால் அந்தப் பொருளின் ஆயுட்காலம் முழுவதும் பிரித்துத்தான் வசூலிப்பார்களா என்று பாருங்கள். வரி, இன்சூரன்ஸ் தவிர்த்து உரிமையாளர் கட்டுப்பாட்டில் உள்ள செலவுகளுக்கு வருடத்துக்கு 5 சதவீதம் போல ஓர் உச்சவரம்பு கேட்கலாம்.

மேலே சொன்ன ஐந்து பேர் அலுவலகத்துக்கு, அந்த மூன்றில் எதையாவது நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் பேஸ் இயர் ஷரத்து இல்லாத மாடிஃபைடு கிராஸைத்தான் எடுப்பேன். வருடத்துக்கு 3 சதவீதம் வாடகை உயர்வு என்று இருந்தால்கூட அது முன்கூட்டியே தெரிந்த தொகை. உரிமையாளர் பேஸ் இயரை விடமாட்டேன் என்றால் முழு கிராஸ் அப்பும் விற்பனைப் பாதுகாப்பும் சேர்த்துப் பேசுவேன். இரண்டும் கிடைக்காத ஃபுல் சர்வீஸைவிட, கணக்கு வெளிப்படையாக உள்ள ட்ரிபிள் நெட் மேல்.

சின்ன வாடகைதாரருக்குக் கலிபோர்னியாவில் இப்போது சட்டத்தின் துணையும் கொஞ்சம் இருக்கிறது. 2024-இல் நிறைவேறிய எஸ்.பி. 1103 என்ற சட்டம், 2025 ஜனவரி 1 முதல் கையெழுத்தாகும் லீஸ்களில், உரிமையாளரையும் சேர்த்து ஐந்து பேருக்கு மேல் இல்லாத, கடனும் முதலீடும் எளிதில் கிடைக்காத குறுந்தொழில்களுக்குப் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவான உணவகங்களும், இருபது பேருக்குக் குறைவான லாப நோக்கற்ற அமைப்புகளும் இதில் வரும். கட்டிடச் செலவை வாடகைதாரர்களிடையே விகிதப்படி பிரிக்க வேண்டும். கடந்த 18 மாதங்களில் ஆன செலவையோ, அடுத்த 12 மாதங்களில் ஆகும் என்று நியாயமாக எதிர்பார்க்கும் செலவையோ மட்டுமே வசூலிக்கலாம். எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் ஆதாரம் காட்ட வேண்டும். ஆனால் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு இது வரம்பு வைக்கவில்லை. விற்பனையால் வந்த 3,000 டாலரை இந்தச் சட்டம் தடுக்காது. அதோடு, தகுதி தானாக வருவதில்லை. லீஸ் கையெழுத்தாகும்போதோ அதற்கு முன்போ, நாங்கள் இத்தகைய வாடகைதாரர், எங்களிடம் இத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், பின்னர் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.