அம்புக்குறி எப்போது படத்தோடு ஒட்டும்?

மேக் கணினியில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் ஓர் அம்புக்குறி போட, இரண்டு வரி எழுத, வேண்டாத ஓரத்தை வெட்டித் தள்ள எந்தச் செயலியையும் புதிதாக இறக்க வேண்டியதில்லை. படத்தை இருமுறை சொடுக்கினால் திறக்கிறதே பிரிவியூ, அதுவே போதும். படம் பார்ப்பதற்கும் பிடிஎஃப் படிப்பதற்கும் மட்டும் அதை வைத்திருப்பவர்கள்தான் அதிகம். கருவிகள் எல்லாம் ஒரு பொத்தானுக்குப் பின்னால் மடங்கிக் கிடப்பதால் கண்ணில் படுவதில்லை.

எல்லாக் கருவிகளையும் வரிசையாகச் சொல்வதைவிட, ஒரே ஒரு படத்தைக் கையில் எடுத்துக்கொள்வோம். மின்கட்டணம் 2,340 ரூபாயை இணையத்தில் கட்டியிருக்கிறீர்கள். வங்கிக் கணக்கைப் பார்த்தால் அந்தத் தொகை இரண்டு முறை கழிந்திருக்கிறது. வங்கிக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்ப வேண்டும். அந்த இரண்டு வரிகளும் அதிகாரியின் கண்ணில் உடனே பட வேண்டும். உங்கள் முழுக் கணக்கு எண்ணும், அதே பக்கத்தில் இருக்கும் மருந்துக்கடைச் செலவும் மகனுக்கு அனுப்பிய பணமும் யாருக்கும் தெரியக் கூடாது.

முதலில் படம். Shift + Command + 4 அழுத்தி, இட வெளிப் பட்டையைத் தட்டினால் சுட்டி கேமராவாக மாறும். உலாவியின் ஜன்னல் மேல் அதை வைத்துச் சொடுக்கினால் அந்த ஜன்னல் மட்டும் படமாகி, வழக்கமாக டெஸ்க்டாப்பில் PNG கோப்பாக வந்து விழும். ஜன்னலைச் சுற்றி ஒரு நிழலும் சேர்ந்து வரும். அது வேண்டாமென்றால் சொடுக்கும்போது Option விசையைப் பிடித்துக்கொள்ளுங்கள். முழுத் திரையையும் எடுக்க Shift + Command + 3 இருக்கிறது. ஆனால் புகாருக்கு அனுப்பும் படத்தில் உங்கள் டெஸ்க்டாப்பும், அந்த நேரம் பார்த்து மூலையில் எட்டிப் பார்த்த அறிவிப்பும் எதற்கு?

கோப்பைப் பிரிவியூவில் திறந்ததும், எதையும் தொடுவதற்கு முன் File மெனுவில் Duplicate கொடுத்து ஒரு நகல் எடுத்து, அந்த நகலுக்கு வேறு பெயர் வைத்துச் சேமியுங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிரிவியூ நீங்கள் செய்யும் மாற்றங்களைக் கேட்காமலே மூலக் கோப்பில் சேமித்துவிடும் பழக்கம் உள்ளது. வங்கி பின்னால் 'முழுப் பக்கத்தையும் காட்டுங்கள்' என்று கேட்டால், வெட்டாத மூலம் கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது வெட்டுவது. இதைக் கடைசியில் செய்பவர்கள்தான் அதிகம்; முதலில் செய்வதே சரி. முழு ஜன்னலின் அளவுக்குப் பொருத்தமாக எழுத்தை எழுதிவிட்டுப் பிறகு கால்வாசியாக வெட்டினால் எழுத்து பூதாகாரமாகத் தெரியும். முதலில் வெட்டிவிட்டால், படிப்பவர் என்ன அளவில் பார்ப்பாரோ அதை வைத்தே எழுத்தின் அளவைத் தீர்மானிக்கலாம். தேவையான பகுதியைச் சுற்றிச் சுட்டியை இழுத்து, Command + K அழுத்தினால் மற்றவை போய்விடும். உலாவியின் தாவல்கள், முகவரிப் பட்டை, பக்கத்தின் மேலே இருக்கும் உங்கள் பெயர், கீழே இருக்கும் பழைய வரவு செலவு எல்லாம் இந்த ஒரு வெட்டிலேயே போகும்.

இங்கே ஒரு தடங்கல் வரும். 2021-இல் வந்த மான்டரே பதிப்பு முதல், படத்தில் இருக்கும் எழுத்தையும் எழுத்தாகவே தேர்ந்தெடுக்கும் வசதி மேக்கில் வந்துவிட்டது. நல்ல வசதிதான். ஆனால் வெட்டுவதற்காக இழுக்கும்போது கட்டம் விழாமல் சொற்கள் நீல நிறமாகிக்கொண்டே போகும்; Crop கட்டளையும் மங்கலாகவே இருக்கும். உங்கள் சுட்டி எழுத்தின் மேல் தொடங்கியதுதான் காரணம். Tools மெனுவில் Rectangular Selection என்பதைத் தேர்ந்துகொண்டு மறுபடி இழுங்கள், கட்டம் விழும்.

இப்போது Shift + Command + A அழுத்துங்கள். பேனா முனை போட்ட பொத்தானைச் சொடுக்கினாலும் அதேதான். கருவிப் பட்டை ஒன்று படத்துக்கு மேலே விரியும். அதில் வட்டமும் சதுரமும் சேர்ந்த பொத்தானுக்குள் கோடு, அம்பு, கட்டம், வட்டம், பேச்சுக் குமிழி எல்லாம் இருக்கின்றன. கட்டத்தைத் தேர்ந்தால் அது நீங்கள் நினைத்த இடத்தில் வராது, படத்தின் நடுவில் வந்து நிற்கும். அதை இழுத்துக்கொண்டு போய் இரண்டு 2,340 வரிகளையும் சேர்த்துச் சுற்றிப் போடுங்கள். அம்பும் அப்படியே நடுவில் வரும். அதன் நீலப் புள்ளிகளைப் பிடித்தால் நீளமும் திசையும் மாறும். பச்சைப் புள்ளியைப் பிடித்து இழுத்தால் அம்பு வில்லாக வளையும். இடையில் இருக்கும் எழுத்தை மறைக்காமல் சுற்றிக்கொண்டு போய்ச் சுட்டுவதற்கு இந்த வளைவு அருமையாக உதவும்.

அதே இடத்தில் இருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்று சொல்வேன். படத்தின் மேல் ஒரு வட்டம் வந்து உள்ளே இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும். நீலப் புள்ளி வட்டத்தின் அளவை மாற்றும், பச்சைப் புள்ளி எத்தனை மடங்கு பெரிதாக்குவது என்பதை மாற்றும். பரிவர்த்தனை நேரம் பொடி எழுத்தில் இருந்தால், இரண்டு கழிவுகளும் ஒரே நிமிடத்தில் நடந்ததை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

எழுதுவதற்கு T பொத்தான். 'Text' என்ற சொல்லோடு ஒரு பெட்டி நடுவில் வரும், அதை இருமுறை சொடுக்கி அதன் மேலேயே தட்டலாம். தமிழிலும் எழுதலாம். மேக்கிலேயே அஞ்சல், தமிழ்99 விசைப்பலகைகள் இருக்கின்றன. System Settings-இல் விசைப்பலகைப் பகுதியில் சேர்த்துக்கொண்டால் போதும். எழுத்துருவும் அளவும் நிறமும் Aa பொத்தானில். InaiMathi, Tamil Sangam MN இரண்டும் கணினியோடு வருபவை, மலேசியாவின் முத்து நெடுமாறன் வடித்தவை. வெள்ளைப் பின்புலத்தில் சிவப்பு எழுத்து எடுக்கும். பல நிறம் கலந்த இடத்தில் எழுத்து மூழ்கிவிடும். அங்கே பேச்சுக் குமிழியைப் போட்டு, உள்ளே வெள்ளை நிரப்பி, அதை இருமுறை சொடுக்கி எழுதலாம். 'ஒரே பில், இரண்டு கழிவு' என்ற அளவு போதும். விவரம் மின்னஞ்சலில் இருக்கட்டும்.

கணக்கு எண்ணை மறைப்பதில்தான் பலர் கவனம் தவறுகிறார்கள். வரையும் பேனாவால் இரண்டு தரம் தேய்த்துவிட்டால் மறைந்ததுபோல் தோன்றும். ஆனால் கோடு முழுக் கறுப்பாக இல்லாமல் கொஞ்சம் கண்ணாடித்தனமாக இருந்தால், வெளிச்சத்தைக் கூட்டிப் பார்க்கிறவருக்கு அடியில் உள்ள இலக்கம் தெரிந்துவிடும். ஒரு கட்டத்தைப் போட்டு, உள்நிறத்துக்கும் ஓரநிறத்துக்கும் கறுப்பைக் கொடுங்கள். நிறப் பலகையைத் திறந்தால் Opacity என்ற நழுவி இருக்கும், அது 100 சதவீதத்தில் இருக்க வேண்டும். கடைசி 4 இலக்கத்தை மட்டும் வெளியே விடுங்கள், எந்தக் கணக்கு என்று வங்கிக்குத் தெரிய அது போதும். மங்கலாக்கிக் காட்டும் கருவி பிரிவியூவில் கிடையாது. அதற்காக நான் வருத்தப்படவில்லை, மங்கலாக்கிய இலக்கங்களை ஊகித்துவிட வழிகள் உண்டு.

இனிதான் முக்கியமான விஷயம். கோப்பு திறந்திருக்கும்வரை இந்தக் கட்டம், அம்பு, எழுத்து எல்லாம் படத்தின் மேல் தனித்தனியாகக் கிடக்கும். எதையும் சொடுக்கி நகர்த்தலாம், நிறம் மாற்றலாம், அழிக்கலாம். PNG-ஐச் சேமித்து மூடிவிட்டால் அவை படத்தின் புள்ளிகளோடு ஒன்றாகிவிடும். மறுபடி திறந்து அம்பைச் சொடுக்கினால் அது அசையாது. எழுத்துப்பிழை இருந்தால் நகலை எறிந்துவிட்டு மூலத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியதுதான். ஆகவே மூடும் முன் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். இதே குணம்தான் கணக்கு எண்ணுக்குக் காவலும். கறுப்புக் கட்டத்துக்கு அடியில் இருந்த இலக்கங்கள் அந்தக் கோப்பில் இனி இல்லை. அனுப்பும் முன் கோப்பை மூடித் திறந்து, கறுப்புக் கட்டத்தைச் சொடுக்கிப் பாருங்கள். அசையவில்லை என்றால் ஒட்டிவிட்டது.

பிடிஎஃப் கோப்பில் கதை தலைகீழ். வங்கியே கொடுத்த கணக்கு அறிக்கையைப் பிரிவியூவில் திறந்து, இதே கறுப்புக் கட்டத்தைப் போட்டுச் சேமித்தால், கட்டம் என்றைக்கும் தனிப் பொருளாகவே இருக்கும். பெறுபவர் அதைச் சொடுக்கி அழித்துவிடலாம். அழிக்காமலே அந்த வரியை இழுத்துத் தேர்ந்து, நகலெடுத்து, வேறு இடத்தில் ஒட்டினால் உங்கள் கணக்கு எண் முழுசாக வந்து நிற்கும். வெட்டுவதும் அப்படித்தான். பிடிஎஃப் பக்கத்தை வெட்டும்போது, வெளியே போன பகுதி அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கிறது என்று பிரிவியூவே எச்சரிக்கும். அந்தச் செய்தியைப் படிக்காமல் OK கொடுக்கிறவர்கள் ஏராளம். இதற்காகவே 2020-இல் வந்த பிக் சர் பதிப்பிலிருந்து Tools மெனுவில் Redact என்ற கருவி இருக்கிறது. அதைத் தேர்ந்து எழுத்தின் மேல் இழுத்தால், கோப்பை மூடும்போது அடியில் இருக்கும் எழுத்து உண்மையிலேயே நீக்கப்படும்.

சேமிக்கும் வடிவத்தையும் யோசித்துத் தேருங்கள். File மெனுவில் Export கொடுத்தால் JPEG, PNG, PDF என்று கேட்கும். எழுத்து நிறைந்த படத்துக்கு PNG-யே நல்லது. JPEG-ஆக மாற்றி அளவைக் குறைத்தால் எழுத்தின் ஓரங்களில் அழுக்குப்போல ஒரு தூசி படியும், 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் குழம்பும்.

ஒரு கணினியை வீட்டிலோ அலுவலகத்திலோ பலர் ஒரே பெயரில் பயன்படுத்தினால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேக், கோப்பின் பழைய நிலைகளையும் வைத்துக்கொள்ளும். File மெனுவில் Revert To வழியாகப் போனால் கறுப்புக் கட்டம் போடுவதற்கு முந்தைய படம் திரும்பக் கிடைக்கும். மின்னஞ்சலில் இணைத்து அனுப்பும் கோப்போடு இந்தப் பழைய நிலைகள் போவதில்லை. அந்தக் கணினியில் மட்டும் இருக்கும். அங்கே உட்காருகிற மற்றவர்களுக்கும் தெரியக் கூடாத எண் என்றால், அனுப்பி முடித்ததும் நகலையும் மூலத்தையும் உங்கள் சொந்தக் கணினிக்கு மாற்றிவிட்டு, அங்கிருந்து நீக்கி, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிடுங்கள்.