அசிட்டோனுக்குப் பக்கத்தில் வைக்கலாமா?

ஆய்வகத்துக்குப் புதிதாக ஒரு லிட்டர் டெட்ராஹைட்ரோஃபியூரான் வருகிறது. சுருக்கமாக டி.எச்.எஃப். அசிட்டோனைப் போலவே நிறமற்ற திரவம்; பாட்டிலில் அதே தீச்சுடர்ப் படம். அப்படியானால் அசிட்டோன் இருக்கும் அலமாரியிலேயே வைத்துவிடலாமா? பதில் கூடவே வரும் பாதுகாப்புத் தரவுத் தாளில் இருக்கிறது. எந்த நிறுவனம் தந்தாலும் அதில் 16 பகுதிகள் ஒரே வரிசையில்தான் வரும். நான் முதலில் புரட்டுவது 9-ஆம் பகுதியை.

அங்கே ஃபிளாஷ் பாயிண்ட் மைனஸ் 14 டிகிரியை ஒட்டி இருக்கும். திரவத்திலிருந்து எழும் ஆவி, ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சேர்கிற மிகக் குறைந்த வெப்பநிலை அது. வீட்டு ஃபிரிட்ஜுக்குள் 4 டிகிரி. ஆகவே அங்கும் ஆவி பற்றும். உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட்டின் பொறியே அதற்குப் போதும். அதே பகுதியில் ஆவியின் அடர்த்தி 2.5 என்றிருக்கும். காற்றைவிட இரண்டரை மடங்கு கனம் என்பதால், ஆவி தரையோடு தவழ்ந்து போய்த் தொலைவில் இருக்கும் ஹீட்டரையும் எட்டிவிடும்.

இதுவரை அசிட்டோனுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு 10-ஆம் பகுதியில், வெடிக்கக்கூடிய பெராக்சைடுகள் உருவாகலாம் என்ற வரியில் இருக்கிறது. திறந்த பாட்டிலுக்குள் காற்று புகுந்தால், மாதக்கணக்கில் பெராக்சைடு மெல்லச் சேரும். அது கரைப்பானோடு ஆவியாகிப் போகாது. பழைய டி.எச்.எஃப்.-ஐக் காய்ச்சி வடித்தால் அடியில் செறிந்து வெடிக்கும். மூடியைச் சுற்றியோ உள்ளேயோ வெண்படிகம் தெரிந்தால் பாட்டிலைத் தொடக்கூடாது, திறக்கவும் கூடாது. பாதுகாப்புப் பொறுப்பாளரைக் கூப்பிட வேண்டும்.

அடுத்து 3-ஆம் பகுதி. பி.எச்.டி. என்னும் தடுப்பான் சேர்த்திருந்தால் பெரும்பாலும் அங்கே தெரியும். ஹெச்.பி.எல்.சி. தரத்தில் பெரும்பாலும் அது இருக்காது. பெராக்சைடு இன்னும் விரைவாகச் சேரும். அதனால் கையில் இருக்கும் பாட்டிலுக்கு உரிய தாளைத்தான் படிக்க வேண்டும், பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று வேறு தாளை நம்பக்கூடாது.

8-ஆம் பகுதியில் கையுறையின் பொருளும், கரைப்பான் அதை ஊடுருவ ஆகும் நேரமும் இருக்கும். நாம் வழக்கமாகப் போடும் மெல்லிய நைட்ரைல் கையுறையை டி.எச்.எஃப். சில நிமிடங்களிலேயே கடந்துவிடும். தெறித்தால் உடனே கழற்றி மாற்ற வேண்டும்.

முடிவாக, அசிட்டோன் இருக்கும் தீப்பற்றும் பொருள் அலமாரியிலேயே வைக்கலாம். வெயில் படக்கூடாது, மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், ஆக்சிஜனேற்றிகள் அருகில் இருக்கக்கூடாது. அசிட்டோனுக்குத் தேவைப்படாத ஒன்று இதற்கு வேண்டும்: வந்த தேதியும் திறந்த தேதியும் பாட்டில் மேல் எழுதப்பட வேண்டும். திறந்த பின் குறிப்பிட்ட இடைவெளியிலும், வடிப்பதற்கு முன் கட்டாயமாகவும், பெராக்சைடு சோதனைப் பட்டையை நனைத்துப் பார்க்க வேண்டும். தேதி இல்லாத பாட்டிலுக்கு வயது தெரியாது. அதைத் திறக்காமல் ஒதுக்கி வைப்பதே சரி.