இரண்டு சென்டிமீட்டர் சிறிதா?

மார்பு எக்ஸ்-கதிர்ப் படமொன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுரையீரலின் இரத்தக் குழாய்கள் கிளைகிளையாக ஓரத்தை நோக்கிச் செல்வது தெரியும். சில படங்களில் ஓரத்திற்குச் சற்று உள்ளே மெல்லிய வெண்கோடு ஒன்று காணப்படும். அதற்கு வெளியே குழாய்களே இரா, கருமை மட்டுமே. அக்கோடே சுருங்கிய நுரையீரலின் விளிம்பு. கருமை, நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் இடையே புகுந்த காற்று. இந்நிலையே நியூமோதோராக்ஸ். தோல் மடிப்பும் இவ்வாறு தோன்றி ஏமாற்றலாம்; ஆனால் அதற்கு அப்பாலும் குழாய்கள் தொடரும்.

நுரையீரல் வேரின் மட்டத்தில் இடைவெளி 2 செ.மீ. என்க. மார்பின் ஒரு பக்க அகலம் 10 செ.மீ. எனில் நுரையீரலின் அகலம் 8 செ.மீ. வடிவம் மாறாமல் சுருங்கினால் பருமன் அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது: 1000 பங்கில் எஞ்சுவது 512. ஏறத்தாழப் பாதி இடம் காற்றுக்குப் போயிற்று! இடைவெளி 1 செ.மீ. எனில் போவது 27 விழுக்காடுதான்.

இக்காற்றை உடல் நாளொன்றுக்குச் சுமார் 2 விழுக்காடு உறிஞ்சும். முன்னதற்கு மூன்றரை வாரம், பின்னதற்கு இரண்டு வாரம் ஆகும். ஆகவே 2 செ.மீ.க்கு மேற்பட்டால் ஊசியாலோ குழாயாலோ காற்றை அகற்றுவதும், குறைந்தால் காத்திருப்பதும் வழக்கமாயிற்று. 2023ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் வழிகாட்டி நோயாளியின் மூச்சுத்திணறலுக்கு முதலிடம் தருகிறது. இரத்த அழுத்தம் சரிந்தாலோ, அளவெடுக்கவும் நேரமில்லை, உடனே அகற்றவேண்டும்.

காத்திருப்பவர் திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறலாமா? சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் வெளியழுத்தம் குறைவதால், அடைபட்ட காற்று கால் பங்கு அளவு விரியும். படத்தில் கோடு மறையும்வரை சமவெளியே நல்லது.