ஓதம் ஏறும் பாலத்தை உடையுங்கள்

சுவரின் அடியில் பெயின்ட் உப்பிப் பொரிகிறது. விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி உதிர்கிறது. 'வாட்டர் ப்ரூஃப்' பெயின்ட் அடித்தால் ஆறே மாதத்தில் ஈரம் அதற்கு மேலே ஒரு அடி ஏறி நிற்கிறது. தமிழ்நாட்டில் தரைத்தள வீடுகள் பலவற்றில் இதே கதைதான்.

விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் செங்கலும் கலவையும் தங்கள் நுண்துளைகளால் மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கின்றன. இந்த ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும், ஏனென்றால் ஏறுகிற நீர் வழியிலேயே சுவரின் மேற்பரப்பில் ஆவியாகிவிடுகிறது. ஆவியாகாத உப்பு பூச்சுக்குள் படிகமாகித் தள்ளுவதால்தான் பெயின்ட் பொரிகிறது. பெயின்டால் அந்த மேற்பரப்பை அடைத்தால், ஆவியாக இடம் தேடி நீர் இன்னும் மேலே போகிறது.

இதைத் தடுக்கத்தான் பேஸ்மென்ட் உச்சியில், சுவர் எழுப்புவதற்கு முன், டி.பி.சி. எனப்படும் ஈரத்தடுப்பு அடுக்கு போடுகிறார்கள். நீர்த்தடுப்புக் கலவை சேர்த்த 4 செ.மீ. கான்கிரீட்டும் அதன்மேல் சூடான தாரும் போடுவது பழைய முறை. பெல்ட் கான்கிரீட் போட்டாலே போதும் என்று சிலர் இதை விட்டுவிடுவார்கள். ஆனால் கான்கிரீட்டில் சல்லடைபோல் ஓட்டை விழுந்திருந்தால் ஈரம் அதையும் தாண்டிவிடும். அடுக்கு வெளி மண் மட்டத்துக்கு மேல் குறைந்தது 15 செ.மீ. உயரத்தில், சுவரின் முழு அகலத்துக்கும் இடைவெளியின்றி ஓட வேண்டும்.

அடுக்கு சரியாக இருந்தும் ஓதம் ஏறுவது எப்படி? ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கட்டும்போது பேஸ்மென்ட் சாலையைவிட 60 செ.மீ. உயரம். அதன் உச்சியில் டி.பி.சி. இருக்கிறது. ஆண்டுகள் போகப் போக சாலைமேல் சாலை போட்டார்கள். மழைநீர் உள்ளே வராமலிருக்க முற்றத்தையும் மண் நிரப்பி 50 செ.மீ. உயர்த்தினார்கள். மிச்சம் 10 செ.மீ. மட்டுமே. ஒரு பக்கச் சுவரை ஒட்டி 20 செ.மீ. உயரப் பூச்செடிப் பாத்தியும் கட்டினார்கள். அந்தப் பாத்தி மண் டி.பி.சி.க்கு மேல் 10 செ.மீ. போய்விட்டது. ஹாலில் ஈரம் காத்துக் கிடப்பதும் அந்த ஒரு சுவரில்தான். மற்ற பக்கங்களிலும் வெளிப்பூச்சு மண்ணிலிருந்து டி.பி.சி.யைத் தாண்டி ஒரே பரப்பாகப் போகிறது. இது மெதுவாக ஈரத்தைக் கடத்தும் இன்னொரு பாலம்.

இதே பாலத்தில்தான் கரையானும் ஏறுகிறது. மண்ணில் வாழும் கரையானுக்கு ஈரமும் இருட்டும் வேண்டும். பூச்சுக்கும் செங்கலுக்கும் நடுவேயுள்ள விரிசலில் யார் கண்ணிலும் படாமல் ஏறி, கதவு நிலையின் அடிக்கட்டையை அடையும். வெளிப்பட்ட சுவரில் மண் குழாய் கட்டும். ஒரு குழாயை உடைத்துவிட்டு சில நாள் கழித்துப் பாருங்கள். மறுபடி ஒட்டியிருந்தால் அங்கே கூட்டம் உயிரோடு இருக்கிறது.

அந்த வீட்டுக்கு முதல் வேலை பாத்தியை எடுப்பது. பிறகு சுவரை ஒட்டிய மண்ணை டி.பி.சி.க்கு 15 செ.மீ. கீழே இறக்கி, மழைநீர் வெளியே ஓடும்படி வாட்டம் வைக்க வேண்டும். வெளிப்பூச்சை டி.பி.சி. மட்டத்தில் வெட்டி இடைவெளி விட வேண்டும். உள்ளே உப்பேறிய பூச்சை, உப்புக் கோட்டுக்கு மேல் ஒரு அடி வரை கொத்தி எடுத்து, ஒன்பது அங்குலச் சுவர் காய மாதக்கணக்கில் விட்டு, சுண்ணாம்புப் பூச்சு பூசலாம். கரையானுக்கு, சுவரும் தரையும் சேரும் இடத்தில் 30 செ.மீ.க்கு ஒரு துளை போட்டு மருந்து செலுத்துவது வழக்கம்.

எல்லா ஈரமும் ஓதமல்ல. மழைக்காலத்தில் மட்டும் தெரிந்தால் வெளிச்சுவர் விரிசலையும், குளியலறைப் பக்கச் சுவரில் ஆண்டு முழுக்க இருந்தால் குழாய்க் கசிவையும் பாருங்கள். சுவரின் நடுவில் தனித் திட்டாக இருந்தாலும் கீழிருந்து வந்ததில்லை.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்குச் செலவு குறைவு. அஸ்திவாரக் குழியிலும், பேஸ்மென்டில் நிரப்பிய மண்ணின் மேலும் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் கணக்கில் கரையான் மருந்துக் கரைசலை ஊற்ற வேண்டும். அதன்பின் அந்த மண்ணைக் கிளறக் கூடாது, மழையில் ஊற்றவும் கூடாது. தரை கான்கிரீட்டுக்கு அடியில் தடித்த பாலித்தீன் தாளை ஒன்றின்மேல் ஒன்று 15 செ.மீ. ஏறும்படி விரித்து, ஓரங்களை மேலே மடித்து டி.பி.சி.யோடு சேர்க்கச் சொல்லுங்கள். அந்த மூலையில் தாள் கிழிந்திருந்தாலோ எட்டாமல் போயிருந்தாலோ தரை வழியே ஈரம் சுவருக்குப் போய்விடும். சுவர் எழும்புமுன் டி.பி.சி.யைப் படமெடுத்து வையுங்கள். பிற்காலத்தில் முற்றத்தை உயர்த்தும்போது, மண்ணை எந்த உயரத்தோடு நிறுத்த வேண்டும் என்று அந்தப் படமே சொல்லும்.