ஒவ்வொரு மூட்டிலும் அரை மில்லிமீட்டர்

இரண்டு தூண்களுக்கு நடுவே பொருத்த வேண்டிய ஓர் இரும்புச் சட்டம். வரைபடத்தில் அதன் நீளம் 5750 மி.மீ. பட்டறையில் ஒவ்வொரு துண்டையும் கணக்குப்படி வெட்டி, வெல்டிங் முடித்து, ஆறவிட்டு அளந்தால் 5744தான் வருகிறது. உடனே வெட்டியவர் மீது பழி விழும். ஆனால் அவர் சரியாகத்தான் வெட்டினார். குறைந்த 6 மி.மீ. வெல்டிங் மூட்டுகளில் போயிருக்கிறது.

இரும்பு சுமார் 1500 டிகிரி செல்சியஸில் உருகும். வெல்டிங் செய்யும் இடம் சூடேறி விரியப் பார்க்கும்போது, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு அதை விரிய விடுவதில்லை. சூட்டில் இளகிய பகுதி அங்கேயே நெரிந்து தடிக்கிறது. ஆறும்போது அது சுருங்குகிறது. கூடவே, உருக்கி ஊற்றிய உலோகமும் சுருங்குகிறது. இரண்டும் சேர்ந்து, மூட்டின் இரு பக்கத்துத் துண்டுகளையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கின்றன.

இதில் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்றுதான்: நீளவாக்கில் வரும் இந்தக் குறைவைத் தீர்மானிப்பது துண்டின் நீளம் அல்ல, குறுக்கே வரும் மூட்டுகளின் எண்ணிக்கை. ‘மீட்டருக்கு இவ்வளவு’ என்று சேர்ப்பவர்களுக்குக் கணக்கு தவறுவது இதனால்தான். ஆறு மீட்டர் நீளமுள்ள ஒரே குழாயின் இரு முனைகளில் மட்டும் வெல்டிங் இருந்தால் இழப்பு மிகக் குறைவு. அதே நீளத்தில் பன்னிரண்டு மூட்டுகள் இருந்தால் பன்னிரண்டு இடத்திலும் இழப்பு.

மேலே சொன்ன சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 50 மி.மீ. சதுரக் குழாயில் ஏழு நிற்கும் கால்கள். அவற்றுக்கு இடையே மேலும் கீழும் ஆறு ஆறு படுக்கைத் துண்டுகள். 5750-இல் ஏழு கால்களின் அகலமான 350 போக மிச்சம் 5400. ஆறால் வகுத்தால் துண்டுக்கு 900. இது வரைபடம் தரும் அளவு. ஒரு வரிசையில் ஆறு துண்டுகள், துண்டுக்கு இரண்டு மூட்டுகள், மொத்தம் பன்னிரண்டு. மூட்டுக்கு அரை மி.மீ. சுருங்குமானால் மொத்தம் 6 மி.மீ. எனவே ஒவ்வொரு துண்டையும் 901 என்று வெட்ட வேண்டும். மேசையில் கால்களை நிறுத்தும் குறிகளும் மாற வேண்டும்: மையத்துக்கு மையம் 950 அல்ல, 951. டாக் வைத்த நிலையில் சட்டம் 5756 இருக்கும். முழு வெல்டிங் முடிந்து ஆறிய பிறகு 5750-க்கு வரும்.

அந்த அரை மி.மீ. எல்லா வேலைக்கும் பொருந்தாது. ஓர மூட்டு வெல்டிங்குக்கு ஏறத்தாழ 0.8 மி.மீ. என்றும், முனைகளைச் சரித்து இடைவெளி விட்டு நிரப்பும் வி-மூட்டுக்கு 1.5 முதல் 3 மி.மீ. என்றும் பொதுவாகச் சொல்வார்கள். வெல்டிங் பெரிதானால் சுருக்கமும் கூடும். ஆகவே உங்கள் பட்டறையின் எண்ணை நீங்களே அளந்துகொள்வது நல்லது. வேலையில் வரும் அதே குழாயில் ஒரு சிறு துண்டை இரண்டு கால் துண்டுகளுக்கு நடுவே டாக் வையுங்கள். இரு கால்களிலும் சென்டர் பன்ச்சால் ஒவ்வொரு புள்ளி அடித்து, இடைவெளியை வெர்னியரால் அளந்து எழுதுங்கள். அதே வெல்டர், அதே ஆம்பியரில் முழு வெல்டிங் செய்யட்டும். ஆறியபின் அளந்து, குறைந்ததை இரண்டால் வகுத்தால் ஒரு மூட்டின் சுருக்கம் கிடைக்கும். இப்படி மூன்று மாதிரிகள் செய்து சராசரி எடுத்தால் நம்பலாம்.

மூட்டில் இடைவெளி விடுவதாக இருந்தால் கணக்கு இரண்டு திசையில் போகும். முனைக்கு 2 மி.மீ. இடைவெளி என்றால் துண்டின் நீளத்தில் 4 கழிக்க வேண்டும். பிறகு அந்த மூட்டுக்குரிய சுருக்கத்தைக் கூட்ட வேண்டும். இடைவெளி உள்ள மூட்டு கூடுதலாகச் சுருங்கும் என்பதால், இறுக்கிப் பொருத்திய மூட்டில் அளந்த எண்ணை இங்கே போடக் கூடாது.

ஆறும் முன் அளப்பதும் ஏமாற்றும். சட்டம் முழுவதும் 30 டிகிரி கூடுதல் சூட்டில் இருந்தால், இந்த நீளத்தில் டேப் சுமார் 2 மி.மீ. அதிகமாகக் காட்டும். வெயிலில் கிடந்த சட்டத்துக்கும் இது பொருந்தும்.

எவ்வளவு கணக்குப் போட்டாலும் ஓரிரு மி.மீ. முன்பின் ஆகும். அளவு தவறவே கூடாத இடத்தில் போல்ட் துளைகளை வெல்டிங் முடிந்த பிறகே போடுங்கள். கடைசித் துண்டுகளை முன்கூட்டியே வெட்டாமல், மற்றவை ஆறியபின் எஞ்சும் இடத்தை அளந்து, அவற்றின் மூட்டுகளுக்கான சுருக்கத்தையும் சேர்த்து வெட்டுங்கள். நீண்டுபோன முனையைக் கிரைண்டரால் தேய்க்கலாம்; குறைந்துபோனதை நீட்ட வழியில்லை. எனவே கட்டிங் லிஸ்ட் எழுதும்போதே, ஒவ்வொரு அளவுக்கும் குறுக்கே எத்தனை மூட்டுகள் வருகின்றன என்பதை எண்ணி அருகில் குறித்துக்கொள்ளுங்கள்.