ஐந்து தருணங்களும் ஒரு மதிப்பெண்ணும்

கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலோ, பிரிக்பீல்ட்ஸிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலோ வார்டுக்குள் நுழைந்தவர்கள், கை சுத்தம் பற்றிய படங்களைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். அந்தப் படத்தில் ஐந்து எண்கள் இருக்கும். நோயாளியைத் தொடுவதற்கு முன் 1, ஊசி, குழாய் போன்ற கிருமியற்ற வேலைக்கு முன் 2, இரத்தமோ உடல் நீரோ பட்டிருக்கலாம் என்றால் 3, நோயாளியைத் தொட்ட பின் 4, நோயாளியைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின் 5. உலகச் சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டியில் இந்த ஐந்தும் இடம்பெற்றன. மலேசிய சுகாதார அமைச்சின் தொற்றுக் கட்டுப்பாட்டு நடைமுறைகளும் இவற்றையே பின்பற்றுகின்றன.

புதிதாகச் சேரும் தாதியரும் ஹவுஸ்மன் மருத்துவர்களும் இந்த ஐந்தை ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் வேலையின் நடுவே அவற்றை அடையாளம் காண்பதுதான் கடினம். அதனால், இளநிலை ஊழியர்களுக்கான முக்கால் மணி நேரப் பயிற்சியில் பெரும்பகுதி ஒரு கட்டிலருகே நடப்பது நல்லது.

முதல் பத்து நிமிடத்தில் ஒரு கட்டிலைச் சுற்றி எல்லை வரையச் சொல்ல வேண்டும். நோயாளி, அவருடைய மெத்தை, கட்டில் கம்பி, பக்கத்து மேசை, அவருக்கென்றே வைத்திருக்கும் கருவிகள் எல்லாம் எல்லைக்குள். மருந்து வண்டி, கணினி, அடுத்த கட்டில் எல்லாம் வெளியே. ஒரு நோயாளியின் தோலில் இருக்கும் நுண்ணுயிர்கள் அவருடைய கட்டில் கம்பியிலும் இருக்கும் என்பதால் இந்த எல்லை தேவைப்படுகிறது. கை இதைத் தாண்டி உள்ளே வருவதும் வெளியே போவதும்தான் 1, 4, 5ஆம் தருணங்கள். எல்லைக்குள்ளேயே நேருகிற தருணங்கள் 2ம் 3ம்.

அடுத்த பதினைந்து நிமிடத்துக்கு ஒருவர் தாதியாகவும் ஒருவர் நோயாளியாகவும் நடிக்கட்டும். மற்றவர்கள் எண்ணட்டும். காட்சி இதுதான். தாதி ஏழாம் கட்டிலுக்கு வருகிறார். கையில் ஆல்கஹால் திரவம் தேய்த்துக்கொண்டு நோயாளியின் நாடி பார்க்கிறார். பிறகு கையுறை மாட்டி, நரம்பில் பொருத்திய குழாய் வழியாக ஆண்டிபயாடிக் செலுத்துகிறார். குழாயோரம் கசிந்த இரத்தத்தைத் துடைத்து, கையுறையைக் கழற்றிக் கை தேய்க்கிறார். கட்டில் கம்பியை ஏற்றிவிட்டு, அப்படியே எட்டாம் கட்டிலுக்குப் போய் அந்த நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கிறார். பிறகு கை தேய்த்துவிட்டுக் கணினிக்குப் போகிறார்.

கை சுத்தம் செய்ய வேண்டிய இடங்கள் எத்தனை? நாடி பார்க்கும் முன் ஒன்று. குழாயைத் தொடும் முன் ஒன்று. இரத்தம் துடைத்துக் கையுறை கழற்றிய பின் ஒன்று. ஏழாம் கட்டிலின் கம்பியைத் தொட்ட பின், எட்டாம் நோயாளியைத் தொடும் முன் ஒன்று. இங்கே 5ம் 1ம் சேர்ந்து வருகின்றன. ஆனாலும் ஒரு முறை கை தேய்த்தால் இரண்டுக்கும் போதும் என்பதால், தணிக்கைத் தாளில் இது ஒரே வாய்ப்புதான். கடைசியாக எட்டாம் நோயாளியை விட்டு விலகும்போது ஒன்று. ஆக, ஐந்து வாய்ப்புகள். அவற்றில் மூன்றில் கை சுத்தமானது, மதிப்பெண் 60 விழுக்காடு.

தவறியவை குழாய்க்கு முன்பும், இரு கட்டில்களுக்கு நடுவிலும். முதலாவதில் பலருக்குக் குழப்பம் வரும். கையுறைதான் போட்டாரே என்பார்கள். நாடி பார்த்த கையாலேயே பெட்டியில் கைவிட்டுக் கையுறையை எடுத்ததால், அதன் வெளிப்புறத்திலும் தோலின் கிருமிகள் ஒட்டியிருக்கும். அந்த விரல்கள் நேராக இரத்த ஓட்டத்துக்குத் திறக்கும் வாயைத் தொடுகின்றன. தணிக்கைத் தாளில் இதைத் ‘தவறியது’ என்று குறித்து, கையுறை அணிந்திருந்ததையும் பக்கத்தில் எழுதுவார்கள். கையுறை ஒருபோதும் கை சுத்தத்துக்கு மாற்றாகாது.

இன்னொரு பாடமும் இந்தக் காட்சியில் இருக்கிறது. இந்தத் தாதி இரத்தம் பட்ட பிறகும், எட்டாம் நோயாளியை விட்டு வரும்போதும் மறக்காமல் கை தேய்த்தார். பல நாடுகளின் தணிக்கைகளில் திரும்பத் திரும்பத் தெரிவதும் இதுதான். தொட்ட பின் சுத்தம் செய்வோர் அதிகம், தொடுவதற்கு முன் செய்வோர் குறைவு. அழுக்குப் பட்ட உணர்வு கையைத் தானாகவே திரவப் புட்டியிடம் கொண்டுபோகிறது. ‘முன்’ தருணங்களில் அந்த உணர்வு எழுவதில்லை. நோயாளியை நேரடியாகக் காப்பவை அந்த 1ம் 2ம்தான். அதனால் மொத்த விழுக்காட்டை மட்டும் சொல்லும் தணிக்கை அரைகுறையானது. எந்தத் தருணம் தவறியது என்றும் சொல்ல வேண்டும்.

மூன்றாம் பகுதி, தணிக்கை முடிவைச் சொல்லும் முறை. தணிக்கையும் அதன் பின்னூட்டமும் எவ்வளவு பயன் தருகின்றன என்று 140 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2012இல் வந்தது. சராசரியாகக் கிடைத்த முன்னேற்றம் சிறியதுதான். மேலதிகாரியோ சக ஊழியரோ சொல்லும்போது, ஒரு முறைக்கு மேல் சொல்லும்போது, வாயாலும் எழுத்தாலும் சொல்லும்போது, இலக்கும் அடுத்து என்ன செய்வது என்ற திட்டமும் சேர்ந்திருக்கும்போது பயன் கூடியது. மூன்று மாதம் கழித்துச் சுவரில் ஒட்டும் வரைபடத்தில் இவற்றில் எதுவும் இல்லை. கண்காணிப்பு பொதுவாக இருபது நிமிடம் நடக்கும். அது முடிந்த கையோடு, தனியாக, இப்படிப் பேசிப் பழகலாம்:

“நாடி பார்த்துட்டு, குழாயைத் தொடுறதுக்கு முன்னால கை தேய்க்கல. எது தடுத்துச்சு, தங்கச்சி?”

“ஊசித் தட்டை ஒரு கையில வெச்சிருந்தேன், அக்கா. புட்டி கட்டிலோட அந்தப் பக்கம் இருந்துச்சு.”

பதிலில் ஒரு காரணம் கிடைக்கிறது. ஊசித் தட்டிலேயே சிறு புட்டி ஒன்றை வைத்தால் கை எட்டும் தூரத்தில் திரவம் இருக்கும். அடுத்த தணிக்கையில் 2ஆம் தருணத்தை மட்டும் தனியாகப் பார்த்து, மாற்றம் வந்ததா என்று சொல்லலாம்.

கடைசிப் பத்து நிமிடத்தை எண்களின் எல்லைக்கு ஒதுக்க வேண்டும். ஐந்து வாய்ப்புகளை வைத்து ஒருவரை நல்லவர், மோசமானவர் என்று பிரிக்க முடியாது. ஒரு வார்டை முந்தைய காலத்தோடு ஒப்பிடவே சுமார் 200 வாய்ப்புகள் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 200இல் 60 விழுக்காடு கிடைத்தாலும் உண்மை அளவு 53க்கும் 67க்கும் இடையே எங்கும் இருக்கலாம். 60லிருந்து 64 ஆனதற்காக விருந்து வைப்பதும், 56 ஆனதற்காகத் திட்டுவதும் இரண்டுமே அவசரம்.

கண்காணிப்பாளர் நிற்பதே நடத்தையை மாற்றும். தொராண்டோவில் மின்னணுக் கருவிகளால் அளந்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், தணிக்கையாளரின் பார்வைக்குள் இருந்த இடங்களில் கை சுத்தம் செய்வது ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. அதனால் இன்னொரு கணக்கையும் வைத்துக்கொள்வது நல்லது. ஆயிரம் நோயாளி-நாட்களுக்குக் குறைந்தது 20 லிட்டர் ஆல்கஹால் திரவம் செலவாக வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். 28 கட்டில்களும் நிரம்பிய வார்டில் 30 நாளுக்கு 840 நோயாளி-நாட்கள் ஆகின்றன. அதற்கு ஏறக்குறைய 17 லிட்டர், அதாவது அரை லிட்டர் புட்டிகள் 34 காலியாக வேண்டும். தணிக்கைத் தாள் 85 விழுக்காடு என்றும் ஸ்டோர் கணக்கு 15 புட்டி என்றும் சொன்னால், வார்டு தலைமைத் தாதி முதலில் நம்ப வேண்டியது ஸ்டோர் கணக்கை.

பயிற்சி முடியும்போது ஒவ்வொருவரும் ஒரு தாளில் மூன்று வரி எழுதட்டும்: என் வேலையில் அடிக்கடி தவறும் தருணம் எது, அதற்குக் காரணம் எது, அடுத்த தணிக்கைக்குள் நான் மாற்றப்போவது எது. இரண்டாவது வரியில் ‘மறதி’ என்று மட்டும் எழுதியவரிடம் பயிற்சியாளர் திரும்பக் கேட்க வேண்டும். புட்டி எங்கே இருந்தது, அந்த நேரத்தில் கையில் என்ன இருந்தது, எந்தக் கட்டிலிலிருந்து எந்தக் கட்டிலுக்குப் போனீர்கள் என்று கேட்டால், சரிசெய்யக்கூடிய ஒன்று பெரும்பாலும் அங்கே கிடைத்துவிடும்.